சரிபார்க்க வந்த கோப்பும் கண்ணில் படாத வரிசைகளும்

எக்செல் கோப்பு ஒன்று "இதைச் சரிபார்த்து அனுப்பவும்" என்ற ஒற்றை வரியுடன் ஒருவரிடம் வந்து சேரும்போது, அவர் பெரும்பாலும் கூட்டுத்தொகை சரியா, பெயர்களில் பிழை உண்டா, தேதிகள் ஒழுங்காக உள்ளனவா என்று திரையில் தெரிகிறவற்றையே ஆராயத் தொடங்குகிறார். திரையில் தெரிவதுதான் முழுக் கோப்பு என்ற எண்ணம் அந்த வேலை முழுவதற்கும் அடித்தளமாக இருக்கிறது. அதை மட்டும் அவர் ஆராய்வதில்லை. எக்செல்லில் ஒரு வரிசையையோ நெடுவரிசையையோ முழுத் தாளையோ இரண்டு சொடுக்கில் மறைத்துவிட முடியும் என்பதால், கோப்பில் என்னென்ன இருக்கின்றன என்பதை உறுதி செய்துகொள்வதே சரிபார்ப்பின் முதல் படி என்பதும், எண்களைப் பார்ப்பது அதற்கு அடுத்த படியே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மறைத்தல் என்பது என்ன

மறைத்தல் வேறு, அழித்தல் வேறு, பூட்டிவைத்தல் வேறு. ஒரு வரிசையை அழித்தால் அதிலுள்ள தரவு கோப்பை விட்டே போய்விடுகிறது. கடவுச்சொல்லிட்டுக் கோப்பைப் பூட்டினால் தரவு உள்ளே இருந்தாலும் அதைத் திறக்கத் திறவுகோல் வேண்டும். மறைத்தால் தரவு இருந்த இடத்திலேயே இருக்க, "இதைக் காட்டாதே" என்ற குறிப்பு மட்டும் அதன் பக்கத்தில் எழுதப்படுகிறது. எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் வகைக் கோப்பு உண்மையில் பல சிறு உரைக்கோப்புகளைச் சேர்த்துச் சுருக்கிய ஒரு ஜிப் தொகுப்பு என்பதால், அதன் பெயரின் இறுதிப் பகுதியை மாற்றித் திறந்து பார்ப்பவருக்கு அந்தக் குறிப்பு இப்படித் தெரியும்:

```
<sheet name="Sheet2" sheetId="2" state="hidden" r:id="rId2"/>
<row r="6" hidden="1">
```

முதல் வரி ஒரு தாள் மறைக்கப்பட்டிருப்பதையும், இரண்டாம் வரி ஆறாம் வரிசை மறைக்கப்பட்டிருப்பதையும் சொல்கின்றன. அந்த வரிசையில் உள்ள தொகைகளும் பெயர்களும் அத்தொகுப்புக்குள் எந்த மாற்றமும் இன்றி எழுதப்பட்டிருக்கும். மறைப்பவரின் மனத்தில் "இது இப்போது தேவையில்லை" என்ற நினைப்பே பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் கோப்பைப் பெறும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தரவும் சேர்ந்தே போய்ச் சேருகிறது.

ஒரு விடுதிக் கணக்கு

இதன் விளைவை விளங்கிக்கொள்ள, ஒரு மாணவர் விடுதியின் மாத மளிகைக் கணக்கைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். முதல் வரிசையில் தலைப்புகளும், 2 முதல் 13 வரையிலான பன்னிரண்டு வரிசைகளில் பன்னிரண்டு பில்களும், பதினான்காம் வரிசையில் மொத்தமும் உள்ளன. தொகைகள் யாவும் D நெடுவரிசையில் இருக்கின்றன. இதில் 6, 7, 8 ஆகிய மூன்று வரிசைகள் மறைக்கப்பட்டுள்ளன. திரையில் தெரியும் ஒன்பது பில்களின் கூட்டுத்தொகை 84,600 ரூபாய். மறைந்திருக்கும் மூன்று பில்கள் முறையே 6,200, 4,750, 3,050 ரூபாய் என மொத்தம் 14,000 ரூபாய். மொத்த வரிசையில் `=SUM(D2:D13)` என்ற ஃபார்முலா இருந்தால், அது மறைந்தவற்றையும் சேர்த்துக்கொண்டு 98,600 என்று காட்டும்.

திரையில் தெரியும் தொகைகளைக் கால்குலேட்டரில் தனியாகக் கூட்டிப் பார்ப்பவர் 14,000 ரூபாய் வேறுபாட்டை உடனே கண்டுபிடித்துவிடுவார். ஃபார்முலா சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அது 2 முதல் 13 வரை எல்லாவற்றையும் உள்ளடக்குகிறது என்று திருப்தி அடைபவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார். இருவரும் தம் வேலையை நேர்மையாகவே செய்திருக்க, முதலாமவர் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்கியதாலும் இரண்டாமவர் ஃபார்முலாவிலிருந்து தொடங்கியதாலும் முடிவுகள் வேறுபடுகின்றன.

மொத்தத்துக்கு SUM என்பதற்குப் பதிலாக SUBTOTAL பயன்படுத்தப்பட்டிருந்தால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. இந்த ஃபார்முலாவில் முதலில் தரப்படும் எண், என்ன கணக்கு செய்ய வேண்டும் என்பதையும் மறைந்தவற்றைச் சேர்க்க வேண்டுமா என்பதையும் தீர்மானிக்கிறது. வரிசைகளைக் கையால் மறைத்திருந்தால் `=SUBTOTAL(9,D2:D13)` அவற்றையும் சேர்த்து 98,600 என்றும், `=SUBTOTAL(109,D2:D13)` அவற்றை விட்டுவிட்டு 84,600 என்றும் காட்டும். ஆனால் அதே மூன்று வரிசைகள் ஃபில்டர் போட்டதால், அதாவது ஒரு குறிப்பிட்ட நிபந்தனைக்குப் பொருந்துவன மட்டும் தெரியட்டும் என்று வடிகட்டியதால் மறைந்திருந்தால், 9, 109 ஆகிய இரண்டுமே அவற்றை விட்டுவிட்டு 84,600 என்றே காட்டும். ஆகவே மொத்தத்தைப் பார்த்து மட்டும் "மறைந்தது எதுவும் இல்லை" என்று முடிவுகட்ட முடியாது. தெரியும் தொகைகளும் மொத்தமும் அச்சொட்டாகப் பொருந்துகிற தாளிலும் 14,000 ரூபாய் ஒளிந்திருக்கக்கூடும்.

நகலெடுக்கும்போதும் இதே வேறுபாடு தலைகாட்டுகிறது. ஃபில்டரால் மறைந்த வரிசைகள் உள்ள பகுதியைத் தேர்ந்து நகலெடுத்தால் தெரிபவை மட்டும் போகின்றன. கையால் மறைத்த வரிசைகள் உள்ள பகுதியை நகலெடுத்தாலோ மறைந்தவையும் கூடவே போய், ஒட்டிய இடத்தில் வெளிப்படையாகத் தெரியத் தொடங்குகின்றன. தெரிபவற்றை மட்டும் எடுக்க விரும்புபவர், பகுதியைத் தேர்ந்த பின் `Alt` விசையுடன் அரைப்புள்ளி விசையை அழுத்தி, அதன் பிறகே நகலெடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் தடயங்கள்

மறைக்கப்பட்டவை தெரியாவிட்டாலும் மறைத்ததற்கான அடையாளங்கள் தெரிந்துகொண்டேதான் இருக்கின்றன. விடுதிக் கணக்கில் இடது ஓரத்து வரிசை எண்கள் 5 என்பதிலிருந்து 9 என்பதற்குத் தாவியிருக்கும். வேறொரு தாளில் D, E நெடுவரிசைகள் மறைந்திருந்தால் மேலே C என்ற எழுத்தை அடுத்து F வரும். எண்கள் நீல நிறத்தில் இருந்து, தலைப்புக் கட்டத்தில் புனல் போன்ற சிறு குறி தெரிந்தால், வரிசைகளை மறைத்திருப்பது ஃபில்டர். ஓரத்தில் சிறு கூட்டல் குறி இருந்தால், வரிசைகள் குழுவாக மடிக்கப்பட்டிருக்கின்றன. தாள்களைப் பொறுத்தவரை, கீழே உள்ள தாளின் பெயர்மீது வலச்சொடுக்கினால் வரும் பட்டியலில் `Unhide` என்பது மங்கலாக இல்லாமல் தெளிவாக இருந்தால் மறைந்த தாள் ஒன்றாவது உண்டு என்று பொருள்.

எண்கள் தாவியிருந்தும் `Unhide` கட்டளைக்கு எதுவும் வெளிவராத நிலையும் உண்டு. ஒருவர் தாளைக் கீழே நகர்த்திவைத்த நிலையில் மேல்பகுதியை உறையவைத்திருந்தால், அதாவது `Freeze Panes` கட்டளையைக் கொடுத்திருந்தால், அந்நேரத்தில் திரைக்கு மேலே போயிருந்த வரிசைகள் மறைக்கப்படாமலே கண்ணுக்கு எட்டாமல் போகின்றன. அந்த உறைவை நீக்கினால்தான் அவை தெரியும். அதுபோலவே ஒரு வரிசையின் உயரம் பூஜ்யமாக இல்லாமல் மிகமிகச் சிறியதாக வைக்கப்பட்டிருந்தால், எக்செல் அதை மறைந்த வரிசையாகக் கருதுவதில்லை. ஆகவே எல்லா வரிசைகளையும் தேர்ந்து உயரத்தை ஒரே அளவாக்கினால்தான் அது வெளிப்படும். இன்னும் சில வேளைகளில் வரிசையும் நெடுவரிசையும் தெரிந்தாலும், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகவோ, `;;;` என்ற எண் வடிவமைப்பாலோ, கட்டத்தில் இருப்பது மட்டும் தெரியாமல் இருக்கும்; கட்டத்தின் மேல் சொடுக்கி ஃபார்முலாப் பட்டையைப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

தாள்களில் இன்னொரு ஆழமான மறைப்பும் உண்டு. மேக்ரோ எழுதப் பயன்படும் விஷுவல் பேசிக் பகுதியில் ஒரு தாளுக்கு `xlSheetVeryHidden` என்ற நிலையைக் கொடுத்துவிட்டால், அது `Unhide` பட்டியலில்கூட வராது. இருந்தும் அதற்குத் தடயம் கிடைக்கும்: தெரியும் தாளில் உள்ள ஏதேனும் ஒரு ஃபார்முலா, கீழே பெயரே இல்லாத ஒரு தாளிலிருந்து எண்ணை எடுத்துக்கொண்டிருந்தால், அந்தத் தாள் கோப்புக்குள் எங்கோ இருக்கிறது. `Alt+F11` அழுத்தினால் வரும் சாளரத்தில், மேக்ரோப் பகுதி பூட்டப்படாதிருக்கும் பட்சத்தில், எல்லாத் தாள்களும் எந்த நிலையில் இருந்தாலும் பட்டியலிடப்படுகின்றன.

வரிசைகளை எண்ணிப் பார்க்க எளிய வழியும் உண்டு. விடுதிக் கணக்கின் வெற்றுக் கட்டங்களில் கீழ்க்கண்ட இரண்டையும் எழுதினால், முதலாவது 12 என்றும் இரண்டாவது 9 என்றும் காட்டும். கையால் மறைத்திருந்தாலும் ஃபில்டரால் மறைந்திருந்தாலும் மறைந்த எண்கள் மூன்று என்பது அந்த வேறுபாட்டிலேயே வெளிப்பட்டுவிடும்.

```
=COUNT(D2:D13)
=SUBTOTAL(102,D2:D13)
```

SUBTOTAL வரிசைகளை மட்டுமே கவனிப்பது என்பதால், மறைந்த நெடுவரிசைகளுக்கு இந்தச் சோதனை பயன்படாது. அங்கே மேலே உள்ள எழுத்துகளின் வரிசையையே கண்ணால் பார்த்தாக வேண்டும்.

பல கைகள் கடந்தும் தப்பிய தாள்

சரிபார்ப்பு நடந்தும் மறைந்தது கண்ணில் படாமல் போன நிகழ்வுகளில் வட அயர்லாந்துக் காவல்துறையின் நிகழ்வு எல்லோரும் அறிய வேண்டியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று, ஒவ்வொரு பதவி நிலையிலும் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள் என்ற தகவல் உரிமைக் கேள்விக்கு விடையாக அத்துறை ஓர் எக்செல் கோப்பை வெளியிட்டது. விடைக்குத் தேவைப்பட்டது பதவிவாரியான எண்ணிக்கை மட்டுமே. ஆனால் கோப்புக்குள் அங்கு பணிபுரிந்த 9,483 பேரின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம், பிரிவு ஆகிய விவரங்கள் அடங்கிய தாள் ஒன்றும் இருந்தது. காவலர்களில் பலர் தம் வேலையை அண்டை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் வாழும் நிலப்பகுதி அது என்பதால், அந்தத் தாள் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியதாக இருந்தது.

இது நேர்ந்த விதம்தான் ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. பணியாளர் விவரங்கள் மென்பொருளிலிருந்து ஒரே தாளாக எக்செல் கோப்பில் இறக்கப்பட்டன. அவற்றைப் பகுத்து எண்ணும்போது அதே கோப்பில் வேறு பல தாள்கள் உருவாக்கப்பட்டன. வேலை முடிந்ததும் தேவையற்றவை என்று கண்ணில் பட்ட தாள்கள் அழிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் மூலமான முதல் தாள் மட்டும் எவர் கண்ணிலும் படாமல் உள்ளேயே நின்றுவிட்டது. கோப்பு தயாரித்தவரிடமிருந்து சரிபார்ப்புக்கும் சென்றது. அங்கும் அது தப்பியது. சரிபார்த்தவர்கள் விடையாகக் கொடுக்கப்போகும் எண்ணிக்கையைப் பார்த்தார்களே தவிர, கோப்பில் எத்தனை தாள்கள் உள்ளன என்று பார்க்கவில்லை. பிரித்தானியத் தகவல் ஆணையர் அலுவலகம் 2024இல் இதற்காக அத்துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

இந்நிகழ்வு ஒரு தெளிவான விதியைக் கற்பிக்கிறது. பகுப்பாய்வு செய்த கோப்பையே சுத்தம் செய்து அனுப்பும் முறையில், அனுப்பக்கூடாதவை ஒவ்வொன்றையும் ஒருவர் நினைவில் வைத்திருந்து நீக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை மறந்தாலும் முழுவதும் வீண். புதிய வெற்றுக் கோப்பைத் திறந்து, அனுப்ப வேண்டிய கட்டங்களை மட்டும் மதிப்புகளாக அதில் ஒட்டி அனுப்பும் முறையிலோ, மறந்தது எதுவாயினும் அது பழைய கோப்பிலேயே தங்கிவிடுகிறது. பிவட் அட்டவணை, அதாவது பெருந்தரவைத் தொகுத்துக் காட்டும் சுருக்க அட்டவணை உள்ள கோப்புகளுக்கு இது மேலும் முக்கியம். மூலத் தாளை அழித்த பின்னும் அதன் தரவின் நகல் பிவட் அட்டவணைக்குள் தங்கியிருக்கக்கூடும் என்பதால், ஓர் எண்ணின் மேல் இருமுறை சொடுக்கினாலே அதற்கடியில் உள்ள தனித்தனி வரிசைகள் புதிய தாளில் விரிந்துவிடும்.

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகத்தில் 2022 பிப்ரவரியில் நேர்ந்ததும் இதற்கு நெருங்கிய உறவுடையது. ஆப்கானியர்களின் குடியேற்ற விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் முயற்சியில் ஒருவர் எக்செல் கோப்பை வெளியாருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். அதில் ஏறத்தாழ 150 வரிசைகளே உள்ளன என்று அவர் நம்பினார். உண்மையில் அது ஏறத்தாழ 33,000 வரிசைகளைக் கொண்டிருந்தது. அந்தக் கசிவு பற்றிப் பேசுவதையே தடுத்த நீதிமன்ற ஆணை 2025 ஜூலையில்தான் நீக்கப்பட்டது.

மறைந்தது தானே வெளிவந்தபோது

எதிர்த்திசையில் நிகழும் பிழையும் உண்டு. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானதும், அதன் தொழிலின் ஒரு பகுதியைப் பார்க்ளேஸ் வங்கி வாங்கியது. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏற்கிறது என்ற பட்டியல், ஏறத்தாழ ஆயிரம் வரிசைகளும் 24,000க்கும் மேற்பட்ட கட்டங்களும் கொண்ட எக்செல் கோப்பாகச் சட்ட நிறுவனத்துக்கு வந்தது. அதில் 179 ஒப்பந்தங்கள் வேண்டாதவையாக மறைக்கப்பட்டிருந்தன; அழிக்கப்படவில்லை. நள்ளிரவுக்கு முன் நீதிமன்றத்துக்காகப் பி.டி.எஃப் வடிவில் கொடுக்க வேண்டியிருந்ததால், பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளம் வழக்கறிஞர் ஒருவர் அதைச் சீரமைத்தார். சீரமைப்பில் மறைந்திருந்த வரிசைகள் வெளிப்பட்டு, வேண்டாத 179 ஒப்பந்தங்களும் ஏற்கப்பட்டவையாகப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பிழையைத் திருத்தக் கோரி அடுத்த மாதமே நீதிமன்றத்தை நாட நேர்ந்தது.

இங்கே வேண்டாதது என்ற முடிவை ஒருவர் எடுத்தார். அந்த முடிவு எக்செல்லின் காட்சி நிலையில் மட்டுமே பதிவாகி இருந்தது. அக்காட்சி நிலையை அறியாத இன்னொருவர் உயரத்தையும் அமைப்பையும் மாற்றியதும் அது கலைந்துபோயிற்று. கோப்பை வேறு வடிவங்களுக்கு மாற்றும்போதும் மறைப்பு ஒரே மாதிரி நிலைப்பதில்லை. பி.டி.எஃப் ஆக்கினால் மறைந்தவை விடுபடுகின்றன, சி.எஸ்.வி ஆக்கினால் நடப்புத் தாள் மட்டுமே சேமிக்கப்பட்டாலும் அதிலுள்ள மறைந்த வரிசைகளும் நெடுவரிசைகளும் வெளிப்படையாகச் சேர்ந்துவிடுகின்றன. முக்கியமான முடிவு எதையும் மறைத்தலால் மட்டும் பதிவு செய்யலாகாது. "ஏற்கப்படவில்லை" என்று ஒரு நெடுவரிசையில் எழுத்தாலேயே எழுதிவைக்க வேண்டும்.

சரிபார்ப்பவர் செய்ய வேண்டியது

சரிபார்க்க வந்த கோப்பின் நகல் ஒன்றை முதலில் எடுத்துக்கொண்டு, மறைந்தவை எவை என்பதைப் பட்டியலிட வேண்டும். அதன் பின்பே அவற்றை வெளிக்கொணர வேண்டும். எல்லாவற்றையும் உடனடியாக வெளிக்கொணர்ந்துவிட்டால், எவை மறைக்கப்பட்டிருந்தன என்ற தகவல் அழிந்துவிடுகிறது. அதுவோ பல வேளைகளில் அந்த எண்களைவிட முக்கியமானது. பட்டியலிட்ட பின் ஃபில்டரை நீக்கி, தாள் முழுவதையும் தேர்ந்து, வரிசை, நெடுவரிசை இரண்டுக்கும் `Unhide` கொடுத்தால் பெரும்பாலானவை வெளிவரும்.

`File`, `Info`, `Check for Issues` வழியாகச் சென்றால் கிடைக்கும் `Inspect Document` என்ற கருவி, மறைந்த வரிசைகள், நெடுவரிசைகள், தாள்கள் உள்ளனவா என்று தேடிச் சொல்கிறது. ஆனால் அதை நம்பி நீக்கச் சொல்வதற்கு முன் நிதானிக்க வேண்டும்: விடுதிக் கணக்கில் மறைந்த மூன்று வரிசைகளையும் நீக்கினால் மொத்தம் 98,600இலிருந்து 84,600 ஆகக் குறையும், மறைந்த தாளை நீக்கினால் அதை நம்பியிருந்த ஃபார்முலாக்களில் `#REF!` என்ற பிழை தோன்றும். வெள்ளை எழுத்தை அது கண்டுபிடிப்பதும் இல்லை.

மறைந்திருக்கும் ஒன்றைக் கண்டவுடன் அதில் வஞ்சகம் இருப்பதாக எண்ணுவது தவறு. விடுதிக் கணக்கின் மூன்று பில்களும் கடைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பொருள்களுடையவையாக இருக்கலாம். அப்படியானால் 84,600 சரி, மொத்தம் பிழை. வேறொருவர் அச்சிடும்போது இடம் போதாமல் அவற்றை மறைத்துவிட்டு மீட்க மறந்திருக்கலாம். அப்படியானால் 98,600 சரி. இவற்றுள் எது என்பதைக் கோப்பு தானாகச் சொல்லாது. கணக்கெழுதியவரே சொல்ல வேண்டும். ஆகவே சரிபார்ப்பவர் தாமாகத் திருத்தாமல், "6 முதல் 8 வரையிலான வரிசைகள் மறைந்துள்ளன; அவற்றின் 14,000 ரூபாய் மொத்தத்தில் சேர்ந்திருக்கிறது; சேர வேண்டுமா?" என்று வரிசை எண்ணோடும் தொகையோடும் கேட்பதே முறை.

திருப்பி அனுப்பும் பதிலில் "சரி" என்ற ஒரு சொல் போதாது. எத்தனை தாள்கள் பார்க்கப்பட்டன, மறைந்தவை எவை, அவை சேர்த்துப் பார்க்கப்பட்டனவா விடப்பட்டனவா என்று இரண்டு மூன்று வரிகளில் சொன்னால்தான், அடுத்து அக்கோப்பைக் கையாள்பவருக்கு எதன்மேல் ஒப்புதல் கிடைத்தது என்பது தெரியும். அனுப்புபவரும் "இதைச் சரிபார்க்கவும்" என்பதோடு நிறுத்தாமல், "மூன்று தாள்கள், 12 பில்கள், எதுவும் மறைக்கப்படவில்லை" என்று எழுதி அனுப்பினால், பெறுபவர் தம் கையில் உள்ள கோப்பை அந்த வரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். நான்காவதாக ஒரு தாள் உள்ளே இருந்தால் கோப்பு வெளியே போகும் முன்பே அது பிடிபட்டுவிடும்.